ஒப்பந்தத்தின் வரையறைப் பகுதியைப் படமெடுத்து அகரவரிசைச் சொல்பட்டியல் தயாரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒப்பந்தங்களில் வரையறைப் பகுதி பெரும்பாலும் முதல் சில பக்கங்களில் இருக்கும். அதில் உள்ள சொற்கள் எப்போதும் அகரவரிசையில் வருவதில்லை. எழுதியவருக்கு எது முதலில் தேவைப்பட்டதோ அது முதலில் இருக்கும். நாற்பதாம் பக்கத்தில் "ஏற்பு நாள்" என்று படிக்கும்போது அதன் பொருளைத் தேடி முன்னால் புரட்டவேண்டும். அங்கே போனால் அந்த வரையறைக்குள் "வேலை நாள்" என்று இன்னொரு சொல் நிற்கும். இந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான் தனியாக ஒரு சொல்பட்டியல்.

இங்கே எடுத்துக்கொள்வது தமிழில் எழுதப்பட்ட ஒப்பந்தம். ஆங்கில ஒப்பந்தத்தில் வரையறுத்த சொல் ஒவ்வொரு இடத்திலும் பெரிய எழுத்தில் தொடங்கும், அதனால் கண்ணில் படும். தமிழில் அந்த வசதி இல்லை. வரையறுக்கும் இடத்தில் மட்டும் மேற்கோள் குறியோ தடித்த எழுத்தோ இருக்கும், மற்ற இடங்களில் சாதாரணச் சொல்போலவே கலந்துவிடும். வேற்றுமை உருபு சேர்ந்து உருவமும் மாறும். போதாக்குறைக்கு, கணினி செய்யும் வரிசை பல நேரங்களில் தமிழ் அகராதி வரிசையாக இருக்காது.

விளக்கத்துக்கு ஒரு மாதிரி: ஒரு சேவை ஒப்பந்தத்தின் 3, 4ஆம் பக்கங்கள். பிரிவு 1.1இல் (அ) முதல் (ஓ) வரை பதினொரு உட்பிரிவுகள். அவற்றில் வரும் சொற்கள் இதே வரிசையில்: ஒப்பந்தப் பணி, அடிப்படைக் கட்டணம், வேலை நாள், அறிவிப்பு, ரகசியத் தகவல், ஒப்படைப்பு, ஏற்பு நாள், பணியாளர், அட்டவணை, அலுவல் நேரம், ஜாமீன் தொகை.

படம் சரியாக இருக்கிறதா

ஏ4 தாளை ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அளவில் பிடிக்க 2480 × 3508 பிக்சல் வேண்டும். 4000 × 3000 பிக்சல் தரும் கைபேசிக் கேமரா போதும், தாள் சட்டத்தை நிறைத்திருந்தால். பிரச்சினை பெரும்பாலும் கேமராவில் இல்லை, படம் வந்து சேர்ந்த வழியில் இருக்கும். அரட்டைச் செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன. நீளவாக்கில் 1600 பிக்சலாகக் குறைந்துவிட்டால், அங்குலத்துக்கு ஏறத்தாழ 137 பிக்சல்தான் மிஞ்சும். அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி இரண்டு மூன்று பிக்சலாகத் தேய்ந்துவிடும். "கட்டணம்" என்பது "கடடணம" என்று வாசிக்கப்படுவது இதனால்தான். அனுப்புபவரிடம் படமாக அல்லாமல் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஸ்கேன் செயலியின் கறுப்பு-வெள்ளை வடிகட்டியும் இதே கேட்டைச் செய்யும். பக்கம் பார்க்கப் பளிச்சென்று ஆகும், ஆனால் மெல்லிய புள்ளிகளை அழுக்கு என்று எண்ணி அழித்துவிடும். சாம்பல் நிறப் படமே நல்லது. தாளுக்கு நேர் மேலே கேமராவை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி எடுங்கள். தைத்த கட்டாக இருந்தால் நடுமடிப்பு ஓரத்து எழுத்துகள் வளைந்து தெரியும், அந்த ஓரத்தை அழுத்திப் பிடிக்க ஒருவர் வேண்டும்.

அடுத்துப் பக்க எண்களையும் உட்பிரிவு எழுத்துகளையும் தொடர்ச்சியாகப் பாருங்கள். மாதிரியில் 3ஆம் பக்கம் (உ) உட்பிரிவின் பாதியில் முடிந்து 4ஆம் பக்கத்தில் தொடர்கிறது. 3ஆம் பக்கத்தின் கடைசி வரி படத்தில் வெட்டுப்பட்டிருந்தால், மிச்சம் இலக்கணப்படி பொருந்திப் போகக்கூடும், எதுவும் விடுபட்டதாகவே தெரியாது. ஆகவே ஒவ்வொரு படத்திலும் கடைசி வரிக்குக் கீழே வெற்று ஓரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மேலே போகவேண்டும்.

வரையறைப் பகுதியோடு முதல் பக்கத்து முகப்புரையையும் கேட்டு வாங்குங்கள். "இனி 'வாடிக்கையாளர்' என்று அழைக்கப்படுபவர்" என்ற மாதிரி வரையறைகள் அங்கேதான் இருக்கும்.

கணினிக்கு முன்னால் கையால் எண்ணுவது

எழுத்துணரி மென்பொருளை ஓட்டுவதற்கு முன், படத்தைப் பார்த்து வரையறுக்கப்பட்ட சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், உட்பிரிவு எழுத்தோடு. சற்று நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் பிற்பாடு எல்லாச் சரிபார்ப்புக்கும் இதுதான் அளவுகோல். மென்பொருள் தடித்த எழுத்தைக் காட்டாது. மேற்கோள் குறியைக் காற்புள்ளியாகவோ வேறெதுவாகவோ மாற்றிவிடும். அதன் வெளியீட்டிலிருந்து சொற்களைப் பொறுக்கினால் சில விடுபட்டே தீரும்.

எண்ணும்போது உட்பிரிவுக்கு ஒரு சொல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மாதிரியில் (உ) இப்படி இருக்கிறது: "'ரகசியத் தகவல்' என்பது ஒரு தரப்பு மற்றத் தரப்புக்கு (இனி 'பெறும் தரப்பு') எழுத்து வடிவில் அளிக்கும் தகவல்களை உள்ளடக்கும்." அடைப்புக்குறிக்குள் இரண்டாவது வரையறை ஒளிந்திருக்கிறது. (ஏ)யில் "'பணியாளர்' அல்லது 'ஆள்பலம்'" என்று ஒரே பொருளுக்கு இரு சொற்கள். ஆகப் பதினொரு உட்பிரிவுகளில் பதின்மூன்று சொற்கள். முகப்புரையிலிருந்து வாடிக்கையாளர், சேவையாளர் இரண்டும் சேரப் பதினைந்து. இந்த எண்ணைத் தாளின் தலையில் எழுதி வையுங்கள்.

எழுத்துகளாக மாற்றுவது

ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி இருப்பது வழக்கம். அதனால் யாரோ ஒருவரின் இணைய சேவையில் பக்கங்களை ஏற்றுவதைவிட, சொந்தக் கணினியில் இயங்கும் மென்பொருளே பாதுகாப்பு. டெசராக்ட் இலவசம், தமிழ்த் தரவுக் கோப்பைத் தனியாக நிறுவவேண்டும். கட்டளை இது:

```
tesseract p03.png p03 -l tam --psm 4
tesseract p04.png p04 -l tam --psm 4
```

`--psm 4` என்பது பக்கத்தை ஒரே நெடுவரிசையாகக் கொள்ளச் சொல்வது. சில ஒப்பந்தங்களில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள் என்று இரு கட்டங்களாக அச்சிட்டிருப்பார்கள். அப்போது இரண்டு கட்டங்களின் வரிகளும் பின்னிக்கொள்ளும். அப்படியானால் படத்தை நெடுக்காக வெட்டி, இரு துண்டுகளையும் தனித்தனியே வாசிக்க விடுங்கள். ஆங்கிலச் சொற்கள் கலந்த பக்கத்துக்கு `tam+eng` என்று கொடுக்கலாம். தமிழ் மட்டும் உள்ள பக்கத்துக்கு அதைக் கொடுத்தால் சில தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்தாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு கூடும்.

வந்த உரையை வரிக்கு வரி படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும், குறுக்குவழி கிடையாது. எங்கே பிழை விழும் என்பது தெரிந்திருந்தால் கண் அங்கே நிற்கும். துணைக்காலும் ர-வும் மாறும்: "பணியாளர்" என்பது "பணியரளர்" ஆகும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறும்: "வேலை" என்பது "வெலை" ஆகும். புள்ளி தொலையும். ஔகாரம் "ஒள" என்று இரண்டு எழுத்தாக வரும்.

இவற்றைவிட ஆபத்தானவை உட்பிரிவு எழுத்துகளும் எண்களும். (எ), (ஏ) இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், (ஒ), (ஓ) அப்படியே. (உ) சில நேரம் 2 ஆகிவிடும். சொல்லில் பிழை இருந்தால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். "10 வேலை நாட்கள்" என்பது "16 வேலை நாட்கள்" ஆனால் யாருக்கும் உறுத்தாது. எண்கள், நாள்கள், விழுக்காடுகள், பிரிவு எண்கள் எல்லாவற்றையும் தனியாக இரண்டாவது முறை ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் இன்னொருவர் படத்தைப் பார்த்து வாசிக்க, நீங்கள் உரையைப் பார்த்துச் சரிசொல்லுங்கள்.

படத்தில் தெளிவாகத் தெரியாத எழுத்தை ஊகித்து நிரப்பக் கூடாது. அந்த இடத்தில் [தெளிவில்லை, ப. 4, வரி 7] என்று எழுதிவிட்டு, அந்த மூலையை மட்டும் திரும்பப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அட்டவணையில் நிரப்புவது

ஒரு சொல்லுக்கு ஒரு வரி. நெடுவரிசைகள் ஐந்து போதும்: சொல், வரையறை, எங்கே (பிரிவும் பக்கமும்), அதற்குள் வரும் பிற வரையறைச் சொற்கள், குறிப்பு.

வரையறையை ஒப்பந்தத்தில் உள்ளபடியே, ஒரு சொல் மாறாமல் எடுத்தெழுத வேண்டும். சுருக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் வாக்கியத்தின் கடைசி வினையில்தான் சங்கதி இருக்கிறது. "குறிக்கும்" என்று முடிந்தால் பட்டியலிட்டவை மட்டுமே அடங்கும் என்று பொதுவாகக் கொள்வார்கள். "உள்ளடக்கும்" என்று முடிந்தால் சொல்லாதவையும் அடங்கலாம். ரகசியத் தகவலுக்கு எழுத்து வடிவிலானவற்றை "உள்ளடக்கும்" என்று இருப்பதை, சுருக்கும் அவசரத்தில் "எழுத்து வடிவிலான தகவல்" என்று எழுதிவிட்டால், வாய்மொழியாகச் சொன்னது ரகசியமா இல்லையா என்ற கேள்விக்கு உங்கள் பட்டியல் ஒரு விடை சொன்னதாக ஆகிவிடும். "நீங்கலாக", "ஆனால்", "உட்பட்டு" என்று தொடங்கும் வால்களையும் அப்படியே வைத்திருக்கவேண்டும். எளிய விளக்கம் தேவை என்றால் குறிப்பு நெடுவரிசையில், "விளக்கம்:" என்று முன்னால் போட்டு எழுதுங்கள்.

சொல்லின் எழுத்துக்கோவையையும் திருத்தக் கூடாது. ஒப்பந்தத்தில் "ரகசியத் தகவல்" என்றிருந்தால் "இரகசியத் தகவல்" என்று மாற்றுவது இலக்கணப்படி சரியாகப் படலாம், ஆனால் சொல் ர-விலிருந்து இ-க்கு இடம்பெயர்ந்துவிடும், ஒப்பந்தத்தில் தேடினாலும் கிடைக்காது. இ வரிசையில் தேடுபவருக்காக "இரகசியத் தகவல்: ரகசியத் தகவல் என்பதைப் பார்க்க" என்று ஒரு சுட்டுவரி சேர்த்தால் போதும். ஆள்பலத்துக்கும் இதே முறை. வரையறையை இரண்டு இடத்தில் எழுதாமல் பணியாளரின் கீழ் மட்டும் முழுதாக எழுதி, ஆள்பலத்திலிருந்து சுட்டிவிடுங்கள். பின்னால் திருத்தம் வந்தால் ஓரிடத்தில் மாற்றினால் தீர்ந்தது.

"'அறிவிப்பு' என்பது பிரிவு 14இல் தரப்பட்ட பொருளுடையது" என்பதுபோல வேறிடத்துக்குக் கைகாட்டும் வரையறைகளும் உண்டு. அந்தப் பிரிவின் படம் கையில் இருந்தால் அதன் வாசகத்தையும் எடுத்தெழுதி, இரண்டு இடங்களையும் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் கைகாட்டும் வரியை அப்படியே வைத்து "பிரிவு 14 பார்க்கப்படவில்லை" என்று குறிப்பு எழுதுங்கள்.

நான்காவது நெடுவரிசைக்கு ஒவ்வொரு வரையறையையும் மற்றப் பதினான்கு சொற்களுக்காகத் தேடவேண்டும். உருபு ஏறினால் ஈறு மாறுமே, அதனால் முழுச் சொல்லைத் தேடாதீர்கள், மாறாத அடிப்பகுதியைத் தேடுங்கள். "கட்டணம்" என்று தேடினால் "கட்டணத்தை" கிடைக்காது, "கட்டண" என்று தேடினால் இரண்டும் கிடைக்கும். "வேலை நாள்" என்பது பன்மையில் "வேலை நாட்கள்" ஆகிவிடுவதால் "வேலை நா" வரை தட்டினால் போதும். நீளமான சொற்களை முதலில் தேடி முடித்துவிட்டால், அவற்றுக்குள் அடங்கிய சிறிய சொற்கள் குழப்பாது. மாதிரியில் ஏற்பு நாளின் வரையறை இது: "ஒப்படைப்பு நடந்த 10 வேலை நாட்களுக்குள் வாடிக்கையாளர் எழுத்து மூலம் மறுக்காவிட்டால், அந்தப் பத்தாவது வேலை நாள்." இந்த ஒரு வரியில் ஒப்படைப்பு, வேலை நாள், வாடிக்கையாளர் என்று மூன்று சொற்கள்.

கிடைத்தவை எல்லாம் வரையறைப் பொருளில்தான் வருகின்றன என்று எண்ணிவிடக் கூடாது. "அறிவிப்புப் பலகை" என்பதில் உள்ள அறிவிப்பு, பிரிவு 14 சொல்லும் அறிவிப்பு அல்ல. ஐயம் இருந்தால் கேள்விக்குறியோடு குறித்து, ஒப்பந்தம் எழுதியவரிடமோ வழக்கறிஞரிடமோ விட்டுவிடுங்கள்.

அகரவரிசை

பலரும் இங்கே சறுக்குகிறார்கள், ஏனென்றால் வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தியதும் பட்டியல் பார்ப்பதற்கு ஒழுங்காகத்தான் தெரியும். யூனிகோடு எண் வரிசை வேறு, அகராதி வரிசை வேறு. யூனிகோட்டில் ற, ர-வுக்கு அடுத்து வருகிறது. ன, ந-வுக்கு அடுத்து. ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால். ஜ, ச-வுக்கு அடுத்து. புள்ளியின் எண் உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. அகராதியிலோ மெய் முதலில், அதன் பிறகே உயிர்மெய். வ, ழ, ள, ற, ன என்பதே கடைசி வரிசை. கிரந்த எழுத்துகள் அதற்கும் பிறகு.

எண் வரிசைப்படி மாதிரிப் பட்டியலின் தொடக்கம் இப்படி வரும்: அடிப்படைக் கட்டணம், அட்டவணை, அறிவிப்பு, அலுவல் நேரம். சரியான வரிசை: அட்டவணை, அடிப்படைக் கட்டணம், அலுவல் நேரம், அறிவிப்பு. நான்கு சொல்லில் இரண்டு இடத்தில் தவறு. ஜாமீன் தொகை கடைசியில் நிற்கவேண்டியது, சேவையாளருக்கு அடுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் விரிதாள் மென்பொருள் எப்படி வரிசைப்படுத்துகிறது என்று அறிய இந்த ஆறு சொற்களோடு வேலை நாளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தாலே போதும்.

தவறாக வந்தால் இந்தச் சிறு பைத்தான் நிரல் உதவும். `terms.txt` கோப்பில் வரிக்கு ஒரு சொல்லாக எழுதி வையுங்கள்.

```python
import unicodedata as u
V = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔஃ"
C = "கஙசஞடணதநபமயரலவழளறனஜஶஷஸஹ"
S = ("\u0bcd \u0bbe\u0bbf\u0bc0\u0bc1\u0bc2"
     "\u0bc6\u0bc7\u0bc8\u0bca\u0bcb\u0bcc")

def key(t):
    t = u.normalize("NFC", t.strip())
    out = []
    for i, ch in enumerate(t):
        if ch == " ":
            out.append((-1, 0))
        elif ch in V:
            out.append((V.index(ch), 0))
        elif ch in C:
            n = t[i+1:i+2]
            out.append((20 + C.index(ch),
                        S.index(n) if n and n in S else 1))
    return out

with open("terms.txt", encoding="utf-8") as f:
    for w in sorted(f.read().splitlines(), key=key):
        print(w)
```

`C` வரியில் மெய்களின் வரிசை, `S` வரியில் புள்ளி முதலில், குறியில்லாத அகர உயிர்மெய் அடுத்து, பிறகு மற்றக் குறிகள். `normalize` எதற்கென்றால், "ஒப்பொருள்" போன்ற சொற்களில் வரும் ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, வரிசையும் தேடலும் மட்டும் கெடும். எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் இந்த நிரல் கண்டுகொள்ளாது. அப்படிப்பட்ட சொற்கள் இருந்தால் கையால் எடுத்துப் பட்டியலின் தலையில் வையுங்கள்.

இடைவெளியை எல்லா எழுத்துக்கும் முன்னதாகக் கொண்டது ஒரு தேர்வு. இதனால் "பணி", "பணி வரம்பு", "பணியாளர்" என்று ஒரே சொல்லில் தொடங்குபவை அருகருகே நிற்கும். இடைவெளியை விட்டுவிட்டு எழுத்துக்கு எழுத்து அடுக்கினால் பணியாளர் நடுவில் புகுந்துவிடும். ஒரு விசித்திரம் மட்டும் மிஞ்சும்: "ஒப்பந்தப் பணி" என்பது "ஒப்பந்தம்" என்பதற்கு முன்னால் வரும், ப் என்பது ம்-க்கு முந்தியது அல்லவா. அகராதி முறைப்படி அது சரிதான், விட்டுவிடலாம்.

மாதிரியின் முழு வரிசை: அட்டவணை, அடிப்படைக் கட்டணம், அலுவல் நேரம், அறிவிப்பு, ஆள்பலம், ஏற்பு நாள், ஒப்படைப்பு, ஒப்பந்தப் பணி, சேவையாளர், பணியாளர், பெறும் தரப்பு, ரகசியத் தகவல், வாடிக்கையாளர், வேலை நாள், ஜாமீன் தொகை. எண்ணினால் பதினைந்து. தாளின் தலையில் எழுதிய எண்ணோடு ஒத்துப்போகிறது. சுட்டுவரிகளைப் பிறகு சேர்த்தால் இந்த எண்ணிக்கையில் குழப்பம் வராது.

ஒப்படைப்பதற்கு முன்

பட்டியலுக்குக் கீழே தனியாக ஒரு பகுதி: "கவனிக்க". வரையறைகளுக்குள் வரையறைச் சொல்போலவே பயன்படுத்தியும் எங்கும் வரையறுக்காத சொற்கள் இங்கே வரும். மாதிரியில் அடிப்படைக் கட்டணம் "தாமதத் தொகை நீங்கலாக" என்று முடிகிறது, தாமதத் தொகை எது என்பதற்கு இந்தப் பக்கங்களில் விடை இல்லை. அதற்கு நீங்களாக ஒரு பொருள் எழுதக் கூடாது. "பயன்படுத்தப்பட்டுள்ளது, 1.1(ஆ), வரையறை காணப்படவில்லை" என்று பதிவு செய்தால் போதும். ஒரே சொல்லுக்கு இரு இடத்தில் மாறுபட்ட வரையறை இருந்தால் இரண்டையும் அவற்றின் பிரிவு எண்ணோடு ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள், எது செல்லும் என்று தீர்ப்பு சொல்ல வேண்டாம். வேலை நாளுக்கு இது அடிக்கடி நடக்கும், ஏதாவது ஒரு பிரிவில் "இப்பிரிவுக்கு மட்டும்" என்று சனிக்கிழமையைச் சேர்த்திருப்பார்கள்.

வரையறைப் பக்கங்கள் மட்டுமே கையில் இருந்தால், ஒரு சொல் ஒப்பந்தத்தில் பயன்படவே இல்லை என்று சொல்ல உங்களுக்கு வழியில்லை. பிற்சேர்க்கையோ திருத்த ஒப்பந்தமோ வரையறையை மாற்றியிருக்கிறதா என்பதும் தெரியாது. எனவே பட்டியலின் மேலே இரண்டு வரி எழுதுங்கள்: "முகப்புரை, பக்கங்கள் 3, 4 ஆகியவற்றின் படங்களிலிருந்து தயாரிக்கப்பட்டது. வேறுபாடு இருந்தால் கையொப்பமிட்ட ஒப்பந்தமே செல்லும்." படக் கோப்புகளின் பெயர்களையும், ஒப்பந்தத்தின் கையொப்பத் தேதி தெரிந்திருந்தால் அதையும் அதன் கீழே சேர்த்துவிடுங்கள்.